பெட்டிக்கு அடியில் வைத்திருந்த சுண்டெலி

மருதமுனையில் தறி வைத்திருக்கிறவனுக்கு எலி என்றால் அது பாவுக்கு வந்த பகைதான். தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டும் நூலைத்தான் பாவு என்போம். நெய்யும்போது அறுந்து போகாமல் இருக்க அதற்கு அரிசிக் கஞ்சி போட்டுக் காயவைப்போம். அந்தக் கஞ்சி வாசம் சுண்டெலிக்குப் போதும். நூலைத் தின்ன அதற்கு ஆசையில்லை. கஞ்சியைக் கொறிக்கப்போய் நூலையும் சேர்த்து நறுக்கிவிடும். ஒரே இடத்தில் இருபது, முப்பது இழை போய்விட்டால் ஒவ்வொன்றாக முடிச்சுப் போட வேண்டும். முடிச்சு விழுந்த சாறனை, அதாவது இடுப்பில் உடுக்கும் கைலியை, கல்முனைக் கடைக்காரர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து ஒரு பக்கமாக ஒதுக்கி வைப்பார். அவர் எதுவும் சொல்ல மாட்டார். ஒதுக்கி வைக்கிற கை சொல்லும்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு வருஷம். மாரி வெள்ளாமை வெட்டி முடிந்து வயல் வெறும் நிலமானதும் சுண்டெலியெல்லாம் ஊருக்குள் வந்துவிட்டன. நோன்புக்கு இரண்டு மாதம் இருந்தது. பெருநாளுக்கென்று கல்முனைக் கடைக்கு ஒப்புக்கொண்ட சாறன்கள் எல்லாம் ஒரே பாவில் இருந்தன. பச்சைக் கரை போட்ட பாவு. அந்தப் பாவு தப்பினால்தான் எனக்குப் பெருநாள்.

பூனை வளர்க்கலாமே என்பார்கள். பூனை பாவின் மேல் ஏறிப் படுத்தால் எலி செய்வதை விடப் பெரிய வேலை செய்துவிடும். மருந்து வைத்தால் கோழி தின்னும், செத்த எலி கூரைக்குள் நாறும். ஆகவே எனக்கு இருந்தவை இரண்டு மரப்பலகை எலிப்பொறிகள். சுருள்கம்பியை இழுத்துப் பூட்டி வைத்தால் எலி தொட்டதும் பட்டென்று அடிக்கும் சாதி. அடுத்த வீட்டில் மாமியிடம் ஒரு கம்பிக்கூடு இருந்தது. எலி உள்ளே போய் இரையை இழுத்தால் பின்னால் கதவு விழும்.

அடுத்த வீடு என்று சொன்னாலும் ஒரே வளவுதான், ஒரே வேலிக்குள் இருக்கும் நிலம். எங்கள் பக்கத்தில் பெண்ணுக்குத்தான் வீடு. ஆண் கலியாணம் முடித்து அந்த வீட்டுக்குப் போவான். என் மாமி தன் வளவை இரண்டாகப் பிரித்து மூத்த மகளுக்கு ஒரு வீடும் இளையவளுக்கு ஒரு வீடும் கட்டிக்கொடுத்து, தான் இளையவளோடு இருந்தார். நான் மூத்த மருமகன். இளைய மருமகன் என் சகலன். அவர் சவூதியில் இருந்தார்.

அவர் லீவில் வந்த அன்று வளவே மணத்தது. பெரிய சூட்கேஸ், அத்தர், ரேடியோ கசெட், போர்வை. ஒவ்வொரு பொருளாக எடுத்து வைத்தார். எனக்கும் ஒரு மணிக்கூடு, ஒரு அத்தர்க் குப்பி தந்தார். வாங்கிக்கொண்டேன், நன்றியாக ஜஸாக்கல்லாஹ் சொன்னேன். உள்ளே ஏதோ புளித்தது. என் மனைவி அந்தப் போர்வையைத் தடவிப் பார்த்துவிட்டுக் கையை எடுத்தாளே, அதைக் கண்டது முதல் புளித்தது.

சூட்கேஸின் அடியில் இருந்து கடைசியாக அவர் எடுத்தவை தடித்த மட்டைகள். இரண்டிரண்டாக முகத்தோடு முகம் ஒட்டி இருந்தன.

"மாமி, இது எலிக்கு. பிரிச்சி செவத்தோரமா வைங்க. மேல ஏறினா அவ்வளவுதான், அசையேலா."

"சும்மா மட்டையா? பொறி எங்க?"

"மட்டைதான் பொறி. பச பூசிரிக்கி."

மாமி விரலால் தொட்டுப் பார்த்து, விரல் வராமல் கத்தி, எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

மறுநாள் விடியலில் சுபஹு தொழுது வந்த நேரம் மாமியின் குரல் வளவைத் தாண்டிப் போனது.

"மூணு! புள்ளயள், ஓடி வந்து பாருங்க, ஒரு ராவில மூணு!"

குசினியில் அரிசிப் பானைக்குப் பின்னால் ஒரே மட்டையில் மூன்று சுண்டெலி. பக்கத்து வீட்டுப் பெண்கள் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்கள். மாமி என்னைக் கண்டதும் கேட்டார்: "மகன், உங்கட பொறியில எத்தின?"

"ஒண்டுமில்ல மாமி."

"தேங்காய்?"

"தேங்காயக் காணல்ல."

"அப்ப மூத்த மருமகன் எலிக்கு விருந்து வச்சிரிக்கார்!"

வேலிக்கு அப்பால் ஒரு சிரிப்பு. பகிடிதான். மாமி மனதில் வைத்துப் பேசுகிற ஆள் இல்லை. ஆனால் அந்தச் சிரிப்பு தறிக்குள் வந்து என்னோடு உட்கார்ந்துகொண்டது. குறுக்கு நூலைக் கொண்டுபோகும் நாடாவை எறியும் ஒவ்வொரு தடவையும் "விருந்து, விருந்து" என்று கேட்டது.

என் பொறி ஏன் பிடிக்கவில்லை என்று நான் அப்போது யோசிக்கவில்லை. அவருடையது ஏன் பிடித்தது என்றே யோசித்துக்கொண்டிருந்தேன்.

சகலன் நல்ல மனிதர், அதுதான் எனக்குக் கஷ்டம். அன்று பின்னேரம் இரண்டு மட்டையோடு தறிக்கொட்டிலுக்கு வந்தார். அண்ணன் முறைக்கு என்னைக் காக்கா என்றுதான் கூப்பிடுவார்.

"காக்கா, பாவுக்கு அடியில வைங்க. சும்மா கிடக்கிற மட்டைதானே."

"வேணாம் தம்பி. அத உசிரோட ஒட்டவச்சிக் கொல்லுறது நமக்குச் சரிவராது. அறுக்கிறதுக்கு முதல் கத்தியத் தீட்டச் சொன்ன மார்க்கம் நம்மட."

மார்க்கம் சொன்னது உண்மை. எலியைக் கொல்லலாம், வதைக்கக் கூடாது. மதரஸாவில் சின்ன வயதில் படித்ததுதான். ஆனால் மாமியின் கம்பிக்கூட்டில் விழுந்த எலியை அவர் கூட்டோடு வாளித் தண்ணீரில் முக்கும்போது நான் ஒரு நாளும் மார்க்கம் பேசியதில்லை. அவர் அதை "ரத்தமில்லாத வேலை" என்பார். தண்ணீருக்குள் எலி கம்பியைப் பிடித்துக்கொண்டு எவ்வளவு நேரம் இருக்கும் என்று பார்த்தவனுக்குத் தெரியும். அவசர வேலை வந்து ஒரு பகல் முழுக்கக் கூட்டை வெயிலில் மறந்து, எலி தாகத்தில் செத்துக் கிடந்ததும் உண்டு. அப்போதும் என் வாய் திறக்கவில்லை. கூடு மாமியுடையது. மட்டை சகலனுடையது. அதுதான் வித்தியாசம்.

மனைவி பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"தம்பி வச்சிட்டுப் போகட்டும்" என்றாள். "பாவு போனா ஆர் பெருநாளைக்கு உடுப்புத் தாற? உங்கட ரோசமா?"

ஆகவே அவர் வைத்துவிட்டுப் போனார். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் மட்டையில் எலி இல்லை. தறியில் இருந்து உதிரும் பஞ்சுத் தூசியும் காய்ந்த கஞ்சி மாவும் பசையின் மேல் வெள்ளைப் போர்வையாகப் படிந்திருந்தன. விரலை வைத்தேன், ஒட்டவில்லை. எலி அதன் மேல் நடந்து போன கால் தடமும் தெரிந்தது. குசினியில் வேலை செய்கிற பசை தறிக்கொட்டிலில் ஒரு நாளுக்கு மேல் தாங்காது. அதே நேரம் பாவின் வலது ஓரத்தில் நாற்பது இழை போயிருந்தது.

இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. அந்த நாற்பது இழையைப் பார்த்தபோது எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். என் பாவு, என் பெருநாள், என் பிள்ளைகளின் உடுப்பு. அது அறுந்து கிடக்கிறது, நான் மட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு "இஞ்ச வாங்க, பாருங்க, பிடிக்கல்ல!" என்று மனைவியைக் கூப்பிடுகிறேன். அவள் மட்டையைப் பார்க்கவில்லை. பாவைப் பார்த்துவிட்டு, முடிச்சுப் போடக் குந்திக்கொண்டாள்.

அதற்குப் பிறகு மட்டையின் குற்றங்களை எண்ணுவதே எனக்கு வேலையாகிவிட்டது. வெயில் ஏறினால் பசை இளகி ஓரத்தால் வழிந்தது, கண்டேன். பல்லி ஒன்று ஒட்டிச் செத்தது, அதையும் கண்டேன். மாமியின் கோழிக்குஞ்சு ஒன்று போய் ஒட்டிக் கீச்சிட்டது. மச்சி, அதாவது சகலனின் மனைவி, தேங்காய் எண்ணெயை ஊற்றித் தேய்க்க, பசை கரைந்து குஞ்சு நனைந்த துணி மாதிரிக் கழன்று வந்தது. உயிர் பிழைத்தது.

"பாத்தீங்களா" என்றேன் மாமியிடம்.

"அது குஞ்சுட புத்தி மகன். எலி குறஞ்சிட்டுதானே?"

குறைந்திருந்தது உண்மை. அவர்கள் பக்கம் குறைந்திருந்தது. என் பக்கம் குறையவில்லை. ஒரு பொறி ஒரு விடியல் அடித்திருந்தது. பார்த்தால் வால் துண்டு மட்டும் கிடந்தது.

பிறகு அந்த வெள்ளிக்கிழமை.

எங்கள் ஊரில் வெள்ளிக்கிழமை தறி ஓடாது. ஜும்ஆவுக்குப் பிறகு மாமி வீட்டில் எல்லோருக்கும் ஒன்றாகச் சாப்பாடு. மாமியின் இரண்டு ஆண் மக்களும் மற்ற வளவுகளில் இருந்து வருவார்கள். சுபஹு தொழுது வந்து கோழிக்கூட்டைத் திறக்கப் போனவன், குசினிச் சுவரோரம் ஒரு மட்டையைக் கண்டேன். அதில் ஒரு சுண்டெலி, உயிரோடு. நாலு காலும் ஒட்டி, ஒரு பக்கக் கன்னமும் ஒட்டியிருந்தது. கழற்றப் பார்த்து மயிர் பிய்ந்து தோல் சிவந்திருந்தது. என் நிழல் விழுந்ததும் கீச்சென்று கத்தியது. பெரிய சத்தம் இல்லை. ஊசி மாதிரி.

அப்போதே ஒரு கல்லை எடுத்திருக்கலாம். ஒரு அடியில் முடிந்திருக்கும். எண்ணெய் ஊற்றினால் கழலும் என்பதும் தெரியும். நான் செய்தது வேறு. மட்டையைப் பக்குவமாக இரண்டு ஓரத்தில் பிடித்துத் தூக்கி, தறிக்கொட்டிலுக்குக் கொண்டுபோய், நூல் வைக்கும் பனையோலைப் பெட்டியைக் கவிழ்த்து மூடினேன். பகல் எல்லோரும் கூடியிருக்கும்போது காட்ட வேண்டும். செத்துப்போனால் காட்ட முடியாது.

எட்டு மணி போலப் பெட்டியைத் தூக்கிப் பார்த்தேன். இருந்தது. பத்து மணி போலப் பார்த்தேன். கத்தவில்லை, வயிறு மட்டும் ஏறி இறங்கியது. குளித்து, வெள்ளைச் சாறன் உடுத்து, சகலன் தந்த அத்தரைப் பூசாமல் என்னுடையதைப் பூசிப் பள்ளிக்குப் போனேன். குத்பாப் பிரசங்கம் என்ன சொன்னது என்று கேட்டால் தெரியாது. நான் மனதுக்குள் என் பேச்சை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தேன். ருகூவில் குனிந்தபோதும் நினைத்தது அது சாகாமல் இருக்க வேண்டுமே என்றுதான். அல்லாஹ் என்னை மன்னிப்பானாக.

சாப்பிட்டுக் கை கழுவி எல்லோரும் பாயில் இருந்தோம். மச்சான்மார் வெற்றிலைத் தட்டை இழுத்தார்கள். சகலன் தன் லீவு முடிகிற கதையைக் கதைத்துக்கொண்டிருந்தார். நான் எழுந்து போய்ப் பெட்டியோடு வந்தேன்.

"தம்பி, உங்கட சவூதிச் சாமானப் பாருங்க."

பெட்டியைத் தூக்கினேன்.

சுண்டெலி வாயைத் திறந்து திறந்து மூடியது. சத்தம் வரவில்லை. மச்சி முந்தானையால் வாயைப் பொத்தினாள். மாமி "யா அல்லாஹ்" என்றார். நான் நினைத்தபடியே எல்லாம் நடந்தது. பேசத் தொடங்கினேன். பொறி அடித்தால் கண் இமைக்கிற நேரத்தில் உயிர் போகும், இது மணிக்கணக்கில் வதைக்கிறது, ஒரு முஸ்லிம் வீட்டில் இது வைக்கலாமா, இப்படி.

சகலன் நான் பேசி முடிக்கும் வரைக்கும் இருக்கவில்லை. வெளியே போய் ஒரு செங்கல்லோடு வந்து, மட்டையை முற்றத்துக்கு எடுத்துப்போய், "பிஸ்மில்லாஹ்" என்று ஒரே அடி. திரும்பி வந்தபோது அவர் முகம் வெளுத்திருந்தது.

"இப்பிடி எண்டு எனக்குத் தெரியா காக்கா" என்றார். "அங்க கேம்பில கட்டிலுக்கு அடியில வைப்பாங்க. நாங்க வேலைக்குப் போன பொறகு கூட்டுறவங்க வந்து எடுத்துட்டுப் போவாங்க. உசிரோட நான் காணல்ல. இஞ்சயும் நான் எழும்ப முதல் மாமி எடுத்து எறிஞ்சிருவா."

மாமி குனிந்து இருந்தார்.

"நான் மட்டையோட அடுப்புச் சாம்பல் குழியில போடுவன்" என்றார். "செத்திரிக்கும் எண்டுதான் நெனச்ச. பாக்கல்ல."

பெரிய மச்சான் கேட்டார்: "இது எப்ப ஒட்டின?"

என் மனைவிதான் சொன்னாள். அவள் என்னை மாட்டிவிடச் சொல்லவில்லை, கேட்டதற்குப் பதில் சொன்னாள்.

"சுபஹுக்குப் பொறகு இவர் இதப் பெட்டியால மூடினத்தக் கண்ட. செத்ததாக்கும் எண்டு நெனச்ச."

பெரிய மச்சான் சுவரில் இருந்த மணிக்கூட்டைப் பார்த்தார். பகல் இரண்டு மணியைத் தாண்டியிருந்தது. பிறகு வெற்றிலையை மடித்தார்.

சகலன் மட்டும் மெதுவாகக் கேட்டார். கோபம் இல்லாத குரல். "காக்கா, காலையில எனக்கு ஒரு சத்தம் போட்டிருந்தா நான் அப்பவே முடிச்சிருப்பனே?"

அதை வதைத்தது மட்டை என்று அவ்வளவு நேரம் பேசியவன் நான். விடியலில் இருந்து பகல் வரை வதைத்தது நான்.

பின்னேரம் அஸர் தொழுதுவிட்டுச் சகலன் மிச்சமிருந்த மட்டைகளை எல்லாம் முகத்தோடு முகம் ஒட்டி, தென்னைக்கு அடியில் குழி வெட்டிப் புதைத்தார். பிறகு நேரே தறிக்கொட்டிலுக்கு வந்தார். என்னிடம் விளக்கம் கேட்க வருகிறார் என்று நினைத்தேன்.

"அந்தப் பொறியத் தாங்க, பாப்பம்."

பூட்டும் கம்பியை விரலால் தட்டினார். அசையாமல் கல் மாதிரி இருந்தது. துருப்பிடித்திருந்தது. நான் வைத்த தேங்காய்த் துண்டைப் பார்த்துச் சிரித்தார்.

"இது எலிக்கா, எனக்கா? இவ்வளவு பெருசா வச்சா அது ஓரத்த நக்கிட்டுப் போகும். இழுக்கத் தேவயில்லயே."

"அப்ப?"

"சுண்டங்காயளவு. அதையும் கட்டிவைக்கணும்."

கட்டுவதற்கு நூலா இல்லை எங்களிடம்? சுட்ட தேங்காயில் ஒரு பொட்டு எடுத்து, பாவு நூலால் மூன்று சுற்றுச் சுற்றி, தறிக்காரன் முடிச்சுப் போட்டேன். இழுத்தால்தான் தின்ன முடியும், இழுத்தால் அடிக்கும். துருவை எண்ணெய் போட்டுத் தேய்த்து எடுத்தேன். அவர் தரையில் குந்தி எலிப் புழுக்கை கிடந்த வழியைக் காட்டினார். எல்லாம் சுவரோரம். நான் பொறியை நடுத்தரையில் வைத்திருந்தேன். சுண்டெலி நடுவில் நடப்பதில்லை, மீசையைச் சுவரில் உரசிக்கொண்டே ஓடும். இரை இருக்கும் முனை சுவரைத் தொடும்படி குறுக்காக வைத்தோம். இரண்டு போதாது என்று அடுத்த நாள் கல்முனைச் சந்தைக்குச் சைக்கிளில் போய் இன்னும் ஆறு வாங்கி வந்தோம். அவர் முன்னால் மிதிக்க நான் பின்னால் இருந்தேன்.

மாமியின் கூட்டையும் வைத்துப் பார்த்தோம். அதன் கம்பி இடைவெளி வளவில் திரியும் பெரிய எலிக்கென்று செய்தது. சுண்டெலி உள்ளே போய்த் தேங்காயைத் தின்று, கதவு விழுந்த பிறகு கம்பிக்கு நடுவால் நெளிந்து வெளியே போனது. பெரிய எலிக்கு அது நல்லது, ஆனால் விழுந்ததைக் கையோடு பார்க்க வேண்டும். பார்த்து என்ன செய்வது என்பது அடுத்த கேள்வி. வேலிக்கு அப்பால் விட்டால் மறுநாள் திரும்பி வரும். தூரத்து வயலில் விட்டால் பருந்து தூக்கும். அதில் இரக்கம் இருக்கிறது என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை.

பொறியில் முதல் விடியல் நாலு. மூன்றுக்குக் கழுத்தில் அடித்திருந்தது, கண் திறந்தபடி இருந்தன, ஒன்றும் அறிந்திருக்காது. நாலாவதற்குப் பின்னங்காலில் பட்டிருந்தது. உயிரோடு இருந்தது. பொறி அடித்தால் கண் இமைக்கிற நேரத்தில் போகும் என்று பாயில் இருந்து பேசியவன் நான்தானே. கல்லை எடுத்தேன். ஒரே அடியில் முடித்தேன். யாரையும் கூப்பிடவில்லை.

இரண்டு கிழமையில் கொட்டிலில் புழுக்கை காண்பது நின்றது. பச்சைக் கரைப் பாவில் ஓரத்தில் மூன்று சாறன் முடிச்சோடுதான் வந்தது. அதைக் கடைக்குக் கொண்டுபோகவில்லை. மற்றதெல்லாம் கடைக்காரர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, மடித்து அலுமாரியில் வைத்தார். பிள்ளைகளுக்குப் பெருநாள் உடுப்பு எடுத்தோம்.

நோன்புக்கு முதல் சகலன் திரும்பிப் போனார். விடியலில் பஸ்ஸுக்கு நான்தான் சூட்கேஸைத் தலையில் தூக்கிக்கொண்டு போனேன். வழி முழுக்க ஒரு வார்த்தையை ஒத்திப்போட்டுக்கொண்டே நடந்தேன். பஸ் கல்முனைப் பக்கம் இருந்து வெளிச்சம் போட்டதும்தான் சொன்னேன்.

"தம்பி, அண்டைக்கு நான் செய்தது உங்களக் கேவலப்படுத்தத்தான். மன்னிச்சிக்கங்க."

அவர் என் தோளில் கை வைத்தார்.

"எனக்கு விளங்கின காக்கா. நான் அங்க கட்டில்ல படுத்துக் கிடக்கக்குள்ள உங்களத்தான் நெனக்கிற. பின்னேரமானா பொஞ்சாதி புள்ளயோட தேத்தண்ணி குடிக்கிறவர் எண்டு. அந்த எரிச்சல் எனக்கும் இரிக்கி."

பஸ் போய்விட்டது. நான் நடந்து வீட்டுக்கு வந்தபோது மாமி முற்றம் கூட்டிக்கொண்டு, "எங்கட சின்ன மருமகனப் போல ஒரு மனிசன் இல்ல" என்று வேலிக்கு அப்பால் யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தார். வழக்கம்போல உள்ளே ஒன்று சுருக்கென்றது. அது போகாது என்று அன்று தெரிந்துகொண்டேன். தேத்தண்ணி குடிக்காமல் நேரே கொட்டிலுக்குப் போய் எட்டுப் பொறியிலும் உயிரோடு ஏதும் மாட்டிக் கிடக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தேன்.